எஃப்ஐடி எண்ணோடு ஆறு வருடம், ஜோடி ஒப்பீட்டோடு மூன்று வருடம்: என் அனுபவம்

படம் உருவாக்கும் மாடல்களைப் பயிற்றுவிக்கும் ஒரு சிறிய குழுவில் வேலை செய்கிறேன். பயிற்சியின் நடுவே சேமிக்கப்படும் ஒவ்வொரு செக்பாயின்ட்டும் முந்தையதைவிட மேலானதா என்று சொல்வது என் பொறுப்பு. முதல் மூன்று வருடம் இதற்கு எஃப்ஐடி என்ற தானியங்கி மதிப்பெண்ணை மட்டுமே நம்பினேன். அப்புறம் இரண்டு படங்களை அருகருகே வைத்து எது மேல் என்று மனிதர்களிடம் கேட்கும் ஜோடி ஒப்பீடும் சேர்ந்துகொண்டது. இரண்டையும் நெடுநாள் பயன்படுத்திய பிறகு எது எங்கே கைகொடுத்தது, எங்கே காலை வாரியது என்பதை எழுதுகிறேன்.

எஃப்ஐடியை 2017-ல் மார்ட்டின் ஹொய்சலும் சகாக்களும் முன்வைத்தார்கள். அசல் படங்கள் ஒரு கூட்டம், மாடல் உருவாக்கிய படங்கள் இன்னொரு கூட்டம். ஒவ்வொரு படத்தையும் இன்செப்ஷன் வி3 என்ற நெட்வொர்க்குக்குள் அனுப்பினால் 2048 எண்கள் கிடைக்கும். ஒரு கூட்டத்தின் எண்கள் எதைச் சுற்றி அமைந்திருக்கின்றன (சராசரி), எப்படிப் பரவியிருக்கின்றன (கோவேரியன்ஸ்) என்று பார்த்து, இரு கூட்டங்களுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிடுகிறோம். கீழே μ சராசரி, Σ கோவேரியன்ஸ்:

```
FID = ||μ₁ − μ₂||² + Tr(Σ₁ + Σ₂ − 2(Σ₁Σ₂)^½)
```

எண் குறையக் குறைய நல்லது. இந்தச் சூத்திரத்தில் தனி ஒரு படத்துக்கு இடமே இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் எனக்கு வந்த சிக்கல்களில் பாதி அதிலிருந்து பிறந்தவை.

சின்னச் சிக்கல்களை முதலில் சொல்லிவிடுகிறேன். எத்தனை படங்களை வைத்துக் கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்தே எஃப்ஐடி மாறும். படங்கள் குறைந்தால் எண் மேலே போகும், மாடல் அதேதான் என்றாலும். 50,000 படங்களில் எடுத்த எண்ணையும் 5,000 படங்களில் எடுத்த எண்ணையும் ஒப்பிட்டு, எங்கள் மாடல் முன்னேறிவிட்டது என்று ஒருமுறை அறிக்கையே எழுதிவிட்டேன். இரண்டையும் ஒரே அளவில் மறுபடி ஓட்டியதும் அந்த முன்னேற்றம் காணாமல் போனது. இன்னொன்று, இன்செப்ஷனுக்குள் நுழையுமுன் எல்லாப் படமும் 299×299 அளவுக்குச் சுருக்கப்படும். சுருக்கும் நிரல் மாறினால் எண்ணும் மாறும். பிஎன்ஜியாகச் சேமிக்கிறோமா, ஜேபெக்காகச் சேமிக்கிறோமா என்பதற்கும் அப்படித்தான். கௌரவ் பார்மரும் சகாக்களும் 2022-ல் இதைத் தெளிவாகக் காட்டி `clean-fid` என்ற நிரலையும் வெளியிட்டார்கள். அதற்கு மாறிய பிறகு இந்தத் தலைவலி விட்டது. இரண்டு கட்டுரைகளில் இருக்கும் எஃப்ஐடி எண்களை நேரடியாக ஒப்பிடுவதை அன்றோடு நிறுத்திவிட்டேன். ஒரே இயந்திரத்தில், ஒரே நிரலில், ஒரே எண்ணிக்கையில் நானே ஓட்டிப் பார்த்தால்தான் ஒப்பிடுகிறேன்.

பெரிய சிக்கல் கைடன்ஸ் அளவை மாற்றிப் பார்த்தபோதுதான் புரிந்தது. எழுத்திலிருந்து படம் வரையும் டிஃபியூஷன் மாடல், நாம் எழுதித் தரும் பிராம்ப்ட்டோடு ஒரு கணிப்பும் பிராம்ப்ட் இல்லாமல் ஒரு கணிப்பும் செய்யும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எவ்வளவு பெருக்குவது என்பதுதான் கைடன்ஸ். அதைக் கூட்டினால் படம் பிராம்ப்ட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும், வடிவங்கள் தெளிவாகும், நிறம் அடர்த்தியாகும். கூடவே, ஒரே பிராம்ப்ட்டுக்கு வரும் படங்கள் ஒன்றுபோல ஆகத் தொடங்கும். எங்கள் மாடலில் கைடன்ஸ் 2-ஐ ஒட்டி எஃப்ஐடி மிகக் குறைவாக இருந்தது. 7-க்குக் கொண்டுபோனால் எண் கெட்டது. ஆனால் குழுவில் யாரிடம் காட்டினாலும் 7-ல் வந்த படத்தைத்தான் எடுத்தார்கள். 2-ல் வந்தவை மங்கலாகவும், கைகால்கள் கரைந்தும் இருந்தன.

எண் பொய் சொல்லவில்லை. கைடன்ஸ் கூடும்போது கூட்டத்தின் பரவல் சுருங்குகிறது, அசல் படங்களின் பரவலிலிருந்து விலகுகிறது, தூரம் கூடுகிறது. எஃப்ஐடி அந்தக் கூட்டத்தைப் பார்க்கிறது. மனிதரோ கண்ணெதிரே இருக்கும் ஒரு படத்தைப் பார்க்கிறார். இரண்டும் வேறு வேறு கேள்விகள். 2023-ல் வந்த ஸ்டேபிள் டிஃபியூஷன் எக்ஸ்எல் கட்டுரையிலும் இதே முரண் இருக்கிறது. கோகோ தரவுத்தொகுப்பின் மேல் கணக்கிட்ட எஃப்ஐடியில் புதிய மாடல் தன் முந்தைய பதிப்புகளைவிடப் பின்தங்கியது. மனிதர்களிடம் கேட்டபோது புதியதுதான் வெகுவாக முந்தியது. அதைப் படித்த பிறகுதான் ஜோடி ஒப்பீட்டுக்கு நேரம் ஒதுக்கும்படி குழுவில் கேட்டு வாங்கினேன்.

ஜோடி ஒப்பீடு வெளியிலிருந்து பார்க்க எளிது. ஒரு பிராம்ப்ட், இரண்டு மாடல்கள், இரண்டு படங்கள், எது மேல்? நாங்கள் முதலில் நடத்திய சுற்று முழுக்கப் பயனற்றுப் போனது. “எது நன்றாக இருக்கிறது?” என்று ஒரே கேள்வி வைத்திருந்தோம். பிராம்ப்ட் “மேசைமேல் மூன்று சிவப்புக் கோப்பைகள், ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது.” ஒரு மாடல் பளபளவென்று நான்கு கோப்பைகளை நிமிர்த்தி வைத்து வரைந்தது. இன்னொன்று சரியாக மூன்று வரைந்து ஒன்றைக் கவிழ்த்திருந்தது, வெளிச்சம் மட்டும் கொஞ்சம் மந்தம். நான்கு கோப்பைப் படம்தான் வென்றது. அடுத்த சுற்றிலிருந்து கேள்வியை இரண்டாக்கினோம்: எது பிராம்ப்ட்டோடு கூடுதலாகப் பொருந்துகிறது, பிராம்ப்ட்டை மறந்துவிட்டால் எது பார்க்க மேல். இரண்டுக்கும் வேறு வேறு மாடல் வெல்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இடப்பக்கம், வலப்பக்கம் என்ற விஷயமும் உண்டு. எங்கள் மதிப்பீட்டாளர்களில் சிலருக்கு இடப்பக்கப் படம்தான் முதலில் மனதில் பதிந்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஒரே படத்தை இரண்டு பக்கமும் வைத்த ஜோடிகள் சிலவற்றை நடுநடுவே கலந்துவிடுங்கள். அவற்றில் வாக்கு பாதிக்குப் பாதியாகப் பிரியாமல் ஒரு பக்கம் சாய்ந்தால் பிரச்சினை படத்தில் இல்லை. மருந்து, ஒவ்வொரு ஜோடியையும் பாதிப் பேருக்கு இடம் மாற்றிக் காட்டுவது. படங்களை நாமே பொறுக்கி எடுக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். படம் எந்த இரைச்சலிலிருந்து தொடங்கும் என்பதைத் தீர்மானிக்கும் சீட் எண்ணை முன்கூட்டியே முடிவு செய்து, முதலில் வந்த படம் எதுவோ அதையே அனுப்ப வேண்டும்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் ஒரு தவறு பல மாதம் என் கண்ணில் படாமல் இருந்தது. அதைக் கணக்கோடு சொல்கிறேன்.

200 பிராம்ப்ட், ஒவ்வொன்றுக்கும் 5 பேர், மொத்தம் 1000 வாக்கு. புதிய மாடலுக்கு 540, பழையதற்கு 460. அதாவது 54 சதவீதம். 1000 வாக்குக்கான வழக்கமான சூத்திரத்தைப் போட்டால் பிழை எல்லை இருபக்கமும் 3.1 சதவீதம் வரும். 54-லிருந்து 3.1 கழித்தாலும் 50-க்கு மேல்தான். வெற்றி என்று எழுதினோம்.

ஆனால் அந்த 1000 வாக்கும் ஒன்றையொன்று சாராதவை அல்ல. ஒரு பிராம்ப்ட்டில் ஒரு மாடல் ஆறு விரல் வரைந்துவிட்டால் ஐந்து பேரும் மற்றதைத்தான் எடுப்பார்கள். அங்கே ஐந்து வாக்கு இருந்தாலும் கிடைத்த தகவல் ஒன்றுக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஒரே பிராம்ப்ட்டுக்குள் வாக்குகளின் ஒட்டுறவு எங்கள் தரவில் 0.3-ஐ ஒட்டி இருந்தது. அப்படியென்றால் பிழையின் வர்க்கம் 1 + 4 × 0.3 = 2.2 மடங்காகும். எல்லை 3.1-லிருந்து 4.6-க்கு விரியும். 54 என்பது 49.4 முதல் 58.6 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 50 உள்ளேயே வந்துவிட்டது.

சூத்திரம் வேண்டாம் என்றால், வாக்குகளுக்குப் பதிலாகப் பிராம்ப்ட்டுகளை மறுமாதிரி எடுத்தால் போதும்:

```python
import numpy as np
rng = np.random.default_rng(0)
p = np.asarray(wins) / 5   # wins: 200 பிராம்ப்ட்டில் ஒவ்வொன்றிலும் புதிய மாடலுக்குக் கிடைத்த வாக்குகள்
b = [rng.choice(p, len(p)).mean() for _ in range(5000)]
print(np.percentile(b, [2.5, 97.5]))
```

இன்னும் 1000 வாக்குக்கு நேரம் இருந்தது. அதே 200 பிராம்ப்ட்டுக்கு 10 பேர் என்று வைத்தால் எல்லை 4.2-க்குத்தான் இறங்கும். 5 பேரையே வைத்துக்கொண்டு பிராம்ப்ட்டை 400 ஆக்கினால் 3.2-க்கு இறங்கும். உழைப்பு இரண்டிலும் ஒன்றுதான். 400-ஐத் தேர்ந்தெடுத்தோம். முடிவு 51.2 சதவீதம் வந்தது. இரண்டு மாடலுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது என்று முந்தைய அறிக்கையைத் திருத்தி எழுதினேன்.

சரி, மனித ஒப்பீடு வந்த பிறகு எஃப்ஐடியைத் தூக்கிப் போட்டுவிட்டேனா? இல்லை. தினமும் ஓடுகிறது. ஜோடி ஒப்பீடு ஒரு நேரத்தில் மாடலுக்கு ஒரு படத்தைத்தான் பார்க்கும் என்பதால் அதற்குப் பிடிபடாத குறை ஒன்று இருக்கிறது.

சமீபத்தில் மனித விருப்பத் தரவை வைத்து மாடலை மேலும் பயிற்றுவித்தோம். வந்த செக்பாயின்ட் ஜோடி ஒப்பீட்டில் 61 சதவீதம் வாங்கியது, எல்லையைக் கழித்தாலும் சந்தேகமில்லாத வெற்றி. ஆனால் எஃப்ஐடி 14-லிருந்து 19-க்கு ஏறியிருந்தது. கைடன்ஸை மாற்றவில்லை, படங்களின் எண்ணிக்கையும் அதே. ஒரே பிராம்ப்ட்டுக்கு 16 சீட்களில் படம் எடுத்துக் கட்டமாக அடுக்கிப் பார்த்தேன். “புத்தகம் படிக்கும் பெண்” என்றால் 16-லும் கிட்டத்தட்ட ஒரே முகம், ஒரே பக்கத்திலிருந்து விழும் மாலை வெளிச்சம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அழகு. மதிப்பீட்டாளர்கள் ஒரு பிராம்ப்ட்டுக்கு இந்த மாடலின் ஒரு படத்தைத்தானே பார்த்தார்கள், அவர்களுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை.

அந்த செக்பாயின்ட்டை வெளியிடவில்லை. விருப்பப் பயிற்சியின் படிகளைப் பாதியாகக் குறைத்து மறுபடி ஓட்டினோம். எஃப்ஐடி 15-க்கு வந்தது, ஜோடி ஒப்பீட்டில் 57 சதவீதம், 16 கட்டத்தில் முகங்கள் மறுபடி வேறு வேறாகின. இப்போது மதிப்பீட்டாளர்களுக்கான படிவத்தில் மூன்றாவதாக ஒரு பகுதி சேர்த்திருக்கிறோம். ஒரே பிராம்ப்ட்டுக்கு நான்கு படங்கள் கொண்ட இரண்டு கட்டங்களை, மாடலுக்கு ஒன்றாகக் காட்டி, எதில் வகை அதிகம் என்று கேட்கிறோம். முதல் சுற்றின் வாக்குகள் வந்துகொண்டிருக்கின்றன.