"மாத்திரை போட்டாச்சா?" எத்தனை மணிக்குக் கேட்பது: நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

ரத்த அழுத்தத்துக்குத் தினம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு கிளினிக்கிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போகிறது: "இன்றைய மாத்திரை போட்டாச்சா? ஆச்சு என்றால் 1, இல்லை என்றால் 2." இதை எத்தனை மணிக்கு அனுப்பினால் பதில் வரும் என்பதற்கு இப்போது நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. எல்லோருக்கும் ஒரே நேரம் வைப்பது ஒன்று. அவரவரைக் கேட்டு வைப்பது இன்னொன்று. பழைய பதில்கள் வந்த நேரத்தின் நடுப்புள்ளிக்கு நகர்த்துவது மூன்றாவது. நாளைத் துண்டுகளாகப் பிரித்து, எந்தத் துண்டில் அனுப்பினால் பதில் வருகிறது என்று எண்ணிப் பார்ப்பது நான்காவது.

முதல் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லோருக்கும் காலை 9 மணி என்று வைத்தால் செலவு குறைவு, பிழை குறைவு. அந்த நேரத்தில் கை ஓயாதவர்களின் பதில் மட்டும் தாமதமாக வரும், அல்லது வராமலே போகும். இரண்டாவது வழி பலர் நினைப்பதைவிட நல்லது. முதல் நாளே "எந்த நேரம் வசதி?" என்று கேட்டு மூன்று விருப்பங்கள் கொடுத்தால், இயந்திரம் இரண்டு வாரம் திணறிக் கண்டுபிடிப்பதைப் பாதிப் பேர் ஒரே தொடுதலில் சொல்லிவிடுவார்கள். ஆனால் "காலையில்" என்று ஆசைப்பட்டுச் சொல்லிவிட்டு ராத்திரி பதில் போடுகிறவர்களும் உண்டு. தானாக நகரும் நேரம் தேவைப்படுவது இவர்களுக்குத்தான்.

நடுப்புள்ளி வழி எங்கே சறுக்குகிறது

கடைசி 14 பதில்களின் நேரத்தை வரிசைப்படுத்தி, நடுவில் இருப்பதை எடுத்து, அடுத்த வாரம் அந்த நேரத்துக்கு அனுப்புவது. எழுத எளிது, விளக்க எளிது. ஆனால் பதில் வரும் நேரம் அந்த மனிதரின் பழக்கத்தை மட்டும் காட்டுவதில்லை. நாம் அனுப்பிய நேரத்தையும் சேர்த்தே காட்டுகிறது. காலை 9 மணிக்கு அனுப்பினால் 9 மணிக்கு முன்பு பதில் வரவே முடியாது. அவர் 7 மணிக்கு டீ குடித்துக்கொண்டு போனைப் பார்க்கிறவராக இருந்தாலும் நம் கணக்கில் அந்த 7 மணி ஒருநாளும் பதிவாகாது.

இதன் விளைவாக அனுப்பும் நேரம் பிந்திப் பிந்தி வழுக்கிக்கொண்டே போகும். ஒருவர் செய்தி பார்த்துச் சராசரியாக 20 நிமிடத்தில் பதில் போடுகிறார் என்று வையுங்கள். 9:00-க்கு அனுப்பினால் பதில் 9:20. அடுத்த வாரம் 9:20-க்கு அனுப்புகிறோம், பதில் 9:40. ஒன்பது வாரத்தில் அனுப்பும் நேரம் நண்பகல் 12 மணியாகிவிடும். அவர் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. நம் கணக்குதான் தன் வாலைத் தானே துரத்திக்கொண்டு போயிருக்கிறது. எல்லாப் பயனர்களின் அனுப்பும் நேரமும் வாராவாரம் பிந்திக்கொண்டே போவதும், முந்துகிறவர் ஒருவர்கூட இல்லாததும் இதன் அடையாளம்.

தீர்வு எளியதுதான். 30 நிமிடத்துக்குள் பதில் வந்தால் அந்த நேரம் சரி என்று எடுத்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். தாமதம் 45 நிமிடத்தைத் தாண்டிய நாட்கள் வாரத்தில் பாதிக்கு மேல் இருந்தால் மட்டும் நகர்த்த வேண்டும். வாரத்தில் ஒரு நாள் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாக அனுப்பிப் பார்த்தால், பார்க்கவே முடியாமல் இருந்த முன்பக்கமும் தெரியவரும்.

இரண்டாவது சறுக்கல் நள்ளிரவு. 23:50-க்கு ஒரு பதில், 00:20-க்கு ஒரு பதில் என்றால் இரண்டின் சராசரி நண்பகல் 12:05 என்று வரும். ஒரு நாள் நள்ளிரவில் தொடங்காமல் விடியற்காலை 4 மணியில் தொடங்குவதாக வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். அந்த நேரத்தில் பதில் போடுகிறவர்கள் குறைவு. வாட்ஸ்அப் தரும் நேரமுத்திரை உலகப் பொது நேரப்படி நொடிகளில் எண்ணிய எண்ணாக இருக்கும். அதையும் இங்கேயே இந்திய நேரத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

```python
from datetime import datetime
from zoneinfo import ZoneInfo

def minutes_from_4am(t):
    t = datetime.fromtimestamp(int(t), ZoneInfo("Asia/Kolkata"))
    return (t.hour * 60 + t.minute - 240) % 1440
```

மேலே சொன்ன இரண்டு பதில்களும் இதில் 1190, 1220 என்று வரும். நடு 1205, அதாவது நள்ளிரவு தாண்டி 5 நிமிடம். இந்திய நேரம் ஐந்தரை மணி நேரம் முன்னே இருப்பதால், நேரத்தை மாற்றாமல் மணி வாரியாகத் தொகுக்கிறவர்களுக்கு அந்த அரை மணி இன்னொரு குழப்பம்: இங்கே 9:20-க்கும் 9:40-க்கும் வந்த பதில்கள் உலகப் பொது நேரத்தில் 3:50, 4:10 என்று இரண்டு வெவ்வேறு மணிக்குள் போய் விழும்.

மூன்றாவது சறுக்கலுக்குத் தடுப்பு இல்லை. வழியையே மாற்ற வேண்டும். ஒரு டவுன் பஸ் நடத்துநரை எடுத்துக்கொள்வோம். ஒரு வாரம் காலை 5 முதல் 1 வரை ஷிப்ட், அடுத்த வாரம் மதியம் 2 முதல் 10 வரை. செய்தி தினமும் 9 மணிக்குப் போகிறது. காலை ஷிப்ட் வாரத்தில் பதில் 1:20-க்குப் பிறகுதான் வருகிறது. மதிய ஷிப்ட் வாரத்தில் அவர் வீட்டில் இருக்கிறார், 9:30-க்குள் வந்துவிடுகிறது. ஆக 14 பதில்களில் ஏழு 9:30-க்கு முன், ஏழு 1:20-க்குப் பின். நடுப்புள்ளி ஏறத்தாழ 11:25. காலை ஷிப்ட் வாரத்தில் 11:25-க்கு அவர் கூட்டத்துக்குள் டிக்கெட் கிழித்துக்கொண்டிருப்பார். அவர் ஒருநாளும் பதில் போடாத நேரத்தைக் கணக்கு தேடித் தேர்ந்தெடுத்திருக்கிறது.

14-க்குப் பதிலாகக் கடைசி 3 பதில்களை மட்டும் பார்த்தால் ஷிப்ட் மாறி இரண்டு நாளில் நேரமும் மாறிவிடும். ஆனால் கல்யாண வீட்டுக்குப் போன இரண்டு நாளும் அதே வேகத்தில் நேரத்தை இழுத்துவிடும். ஷிப்ட் ஆட்களிடம் "இந்த வாரம் எந்த ஷிப்ட்?" என்று ஞாயிற்றுக்கிழமை ஒரு கேள்வி கேட்பது எந்தக் கணக்கையும் விட மலிவு என்பதே எங்கள் கருத்து.

துண்டு வழி

இங்கே பதில் வந்த நேரத்தைப் பார்ப்பதே இல்லை. அனுப்பிய நேரத்தைப் பார்க்கிறோம். காலை 8 முதல் இரவு 10 வரை இரண்டிரண்டு மணியாக ஏழு துண்டுகள். ஒவ்வொன்றிலும் எத்தனை அனுப்பினோம், எத்தனைக்கு 30 நிமிடத்துக்குள் பதில் வந்தது என்ற இரண்டு எண்கள் போதும். வராத பதில் இங்கே தோல்வியாகக் கணக்கில் ஏறுகிறது. நடுப்புள்ளி வழியில் அது கண்ணுக்கே தெரியாது. துண்டு வழியின் உண்மையான பலம் இதுதான்.

மதிப்பெண் போடும்போது பதில்களோடு 1-ஐயும் அனுப்பியவற்றோடு 2-ஐயும் கூட்டிக்கொள்ள வேண்டும். காலை 8–10 துண்டில் 10 அனுப்பி 6 வந்தால் 7/12, ஏறத்தாழ 0.58. இரவு 8–10 துண்டில் 2 அனுப்பி 2 வந்தால் 3/4, அதாவது 0.75. கூட்டாமல் விட்டால் அந்த இரண்டே செய்திகள் நூற்றுக்கு நூறு வாங்கி மற்ற எல்லாவற்றையும் ஓரம்கட்டிவிடும். இதுவரை அனுப்பியே பார்க்காத துண்டுக்கு 1/2 கிடைக்கும். எப்போதாவது அதற்கும் வாய்ப்பு வர வேண்டும். அந்த வாய்ப்பை எப்போது தருவது என்பதைச் சீட்டுக் குலுக்கல் போல முடிவு செய்யும் முறைக்குத் தாம்சன் மாதிரியெடுப்பு என்று பெயர். மதிப்பெண் எவ்வளவு உறுதியில்லாமல் இருக்கிறதோ அவ்வளவு தாராளமாக அது வாய்ப்புத் தரும்.

பலவீனம் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு செய்தி, ஏழு துண்டுகள் என்றால், ஒவ்வொன்றையும் ஏழு முறை சோதிக்கவே ஏழு வாரம். அதற்குள் பல தவறான நேரங்களில் தொல்லை கொடுத்திருப்போம், சிலர் செய்தியை ஒலியடக்கியிருப்பார்கள். நடக்கத் தூண்டும் குறிப்புகளைப் போனில் அனுப்பிப் பார்த்த, அமெரிக்காவில் நடந்த ஹார்ட்ஸ்டெப்ஸ் ஆய்வு ஒரு நல்ல ஒப்பீடு. 2019-இல் வெளியான அதன் முடிவு 37 பேரை 6 வாரம் பார்த்தது. நாளுக்கு ஐந்து நேரங்கள், அவற்றையும் அவரவரே தேர்ந்தது. அனுப்புவதா வேண்டாமா, எந்த வகைக் குறிப்பு என்பதில்தான் குலுக்கல், நேரத்தில் இல்லை. ஒருவருக்கே 200 வாய்ப்புக்கு மேல் கிடைத்தும், நடக்கச் சொல்லும் குறிப்பின் பலன் நாள் போகப் போகத் தேய்ந்தது. நம் கையில் அதே ஆறு வாரத்தில் 42 வாய்ப்புதான். பதில் குறைவது நேரம் தவறியதால்தான் என்று அதிலிருந்து அடித்துச் சொல்ல முடியாது, அலுப்பாகவும் இருக்கலாம். ஆகவே துண்டு வழி வேண்டுமென்றால் ஏழை மூன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள்: காலை, மதியம், இரவு.

எந்த வழியானாலும் கவனிக்க வேண்டியவை

தாமதத்தை அனுப்பிய நொடியிலிருந்து எண்ணாமல், வாட்ஸ்அப் நம் சர்வருக்கு அனுப்பும் வெப்ஹுக் அறிவிப்பில் `delivered` என்று வரும் நொடியிலிருந்து எண்ண வேண்டும். போன் அணைந்திருந்த ஆறு மணி நேரம் அவருடைய தாமதம் ஆகாது. மூன்று நாள் செய்திகளுக்கு ஒரே நிமிடத்தில் பதில் போட்டுத் தீர்ப்பவர்கள் உண்டு. அந்த மூன்றையும் நேரக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

வாட்ஸ்அப்பில் பயனர் கடைசியாகப் பேசியதிலிருந்து 24 மணி நேரம் வரைதான் நாம் விருப்பம் போல் எழுதலாம். அதன் பிறகு ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற டெம்ப்ளேட் மட்டுமே போகும். நேற்று 9:20-க்குப் பதில் வந்து, இன்று அனுப்பும் நேரம் 9:30-க்கு நகர்ந்தால் கதவு மூடியிருக்கும். நேற்றுவரை போன செய்தி இன்று பிழை கொடுத்தால் முதலில் இதைப் பாருங்கள். 9:00-க்கு அனுப்பிய பிறகு நேரத்தை 1:30-க்கு மாற்றினால் அன்றே இரண்டாவது செய்தி போய்விடும். கடைசியாக அனுப்பிய தேதியைச் சேமித்து, ஒரு நாளுக்கு ஒன்று என்று தடுத்துவிட வேண்டும்.

எதை நகர்த்துகிறோம் என்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். நடத்துநர் 1:30-க்கு "ஆச்சு" என்று அனுப்பினாலும், மாத்திரையை அவர் போட்டது விடியற்காலை 4:30-க்கு, டிப்போவுக்குக் கிளம்பும் முன். விசாரிப்புச் செய்தியை 1:30-க்கு நகர்த்துவது சரி. மாத்திரை போடச் சொல்லித் தனியாகப் போகும் நினைவூட்டலையும் கூடவே நகர்த்தினால் மறந்துபோன நாளில் அது ஒன்பது மணி நேரம் தாமதமாக வந்து நிற்கும். மாத்திரை நேரத்தை அவரிடமே கேட்டு நினைவூட்டலை அங்கே நிறுத்துங்கள். பதில் நேரத்தைப் பார்த்து அதைத் தள்ளத்தான் வேண்டுமென்றால் அரை மணிக்கு மேல் வேண்டாம்; தள்ளும்போது "இனி 4:45-க்கு அனுப்புகிறோம், பழைய நேரமே வேண்டுமானால் 9 என்று பதில் போடுங்கள்" என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள்.

எங்கள் தேர்வு: முதல் நாளில் கேட்பது, பிறகு தடுப்புகள் போட்ட நடுப்புள்ளியை வாரம் ஒரு முறை பார்ப்பது. தொடர்ந்து ஐந்து நாள் பதில் போடாதவர்களை மட்டும் மூன்று துண்டு வழிக்கு மாற்றுவது. நூறு பேருக்கு மேல் இருந்தால் ஐந்தில் ஒருவரைக் குலுக்கல் முறையில் பழைய நேரத்திலேயே விட்டுவையுங்கள். ஆறு வாரம் கழித்து இரு தரப்பிலும் 30 நிமிடத்துக்குள் வந்த பதில்களின் விகிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வித்தியாசம் இல்லையென்றால் நகர்த்துவதை நிறுத்திவிடலாம்.