பாம்பன் பட்டறையில் என் சர்வீஸ் தாள்: ஒன்றரை ஆண்டுக்குப் பின்

தூத்துக்குடியில் எஞ்சின் பட்டறை வைத்திருக்கும் நண்பர் போன வாரம் அழைத்தார். பாம்பன் மெக்கானிக்குகளுக்காக நான் தமிழாக்கிக் கொடுத்த, படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினுக்கான சர்வீஸ் தாளைத் தம் பட்டறைக்கும் அச்சடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தத் தாளோடு நான் பட்ட பாடு நினைவுக்கு வந்ததால் இதை எழுதுகிறேன்.

மாரியம்மன் தெப்பக்குளத்துப் படகைத் தவிர வேறு படகை அருகில் பார்த்திராத மதுரைக்காரன் நான். ஆங்கிலத் தாள் ஒரே பக்கம், தெளிவான தாள். அதன்மீது எனக்குக் குறையில்லை. சொற்களில்தான் சிக்கல் வரும் என்று நினைத்து, நாள் முழுக்க அகராதியோடு உட்கார்ந்து 'பற்சக்கர எண்ணெய்' என்று எழுதினேன். பாம்பனில் மெக்கானிக் அண்ணன் படித்துவிட்டு, "இது தலைக்குத் தேய்க்கிற எண்ணெயா, தம்பி?" என்றார். கியர் ஆயில் என்று திருத்தினேன். வடிகால் திருகு கீழ் போல்ட் ஆனது, மட்டத் திருகு மேல் போல்ட் ஆனது. அரை மணி நேரத்தில் சொற்களின் கதை முடிந்தது.

என்னை இன்றுவரை எரிச்சல்படுத்துவது 'முன்' என்ற இரண்டெழுத்துச் சொல்.

கியர் ஆயில் மாற்றும் முறையைச் சொன்னால்தான் விஷயம் புரியும். புரொப்பல்லரை ஒட்டி முன்னால் இருக்கும் கியர் பெட்டியில் கீழே ஒரு துளை, மேலே ஒரு துளை. இரண்டு போல்ட்டையும் கழற்றினால் பழைய ஆயில் வடிந்துவிடும். அது பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். புரொப்பல்லர் தண்டின் சீலையோ போல்ட்டுகளின் வாஷரையோ சந்தேகிக்க வேண்டும். புது ஆயிலைக் கீழ்த் துளையில் குழாயைச் செருகி, அதன் வழியாகத்தான் ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும். பெட்டி நிறைவதற்கு முன்பே நிறைந்ததுபோலத் தோன்றும். மேல் துளையில் ஆயில் எட்டிப் பார்த்ததும் மேல் போல்ட்டை மாட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் கீழே இருக்கும் குழாயை எடுக்க வேண்டும். மேல் துளை அடைபட்டிருந்தால் காற்று உள்ளே போக வழியில்லை. அதனால் கீழே குழாயை எடுத்துப் போல்ட்டை மாட்டுகிற நேரத்தில் கொஞ்சம்தான் கசியும்.

ஆங்கில வாக்கியம் செய்யும் வரிசையிலேயே இருந்தது: மேல் போல்ட் முதலில், குழாய் பிறகு. நான் இலக்கணம் பிசகாமல் எழுதியது இது: 'குழாயை எடுப்பதற்கு முன் மேல் போல்ட்டை மாட்டவும்.' தமிழில் இதில் பிழை கிடையாது. ஆனால் ஒரு கையில் குழாயும் மறு கையில் ஸ்பேனருமாகக் குந்தியிருப்பவர் வாக்கியம் முடியும்வரை காத்திருப்பதில்லை. புதிதாகச் சேர்ந்த பையன் 'குழாயை எடுப்பதற்கு' வரை படித்தான், குழாயை எடுத்தான். ஏற்றிய ஆயிலில் பாதி மணலில் போய்விட்டது. அது தெரியாமல் போல்ட்டை மாட்டியும் விட்டான். அண்ணன் கீழே கறையைப் பார்த்துக் கேட்டதால் பிழைத்தது. இல்லையென்றால் அந்தப் படகு அரைகுறை ஆயிலோடு கடலுக்குப் போயிருக்கும், பற்கள் தேய்ந்திருக்கும்.

திருத்தம் எளிது: 'முதலில் மேல் போல்ட்டை மாட்டவும். பிறகு குழாயை எடுக்கவும்.' பள்ளிக்கூடப் பையன் எழுதியதுபோல இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் வேலை செய்கிறது. அதன்பின் ஆயில் சிந்தியதாக ஒரு புகாரும் இல்லை. பட்டறைக்கு வரும் புதுப் பையன்கள் யாரையும் கேட்காமல் தாளைப் பார்த்தே ஆயில் மாற்றுகிறார்கள் என்பதில் எனக்கு நிஜமாகவே பெருமை.

அந்தப் பெருமையோடுதான் போன மாதம் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். சுவரில் லேமினேட் செய்த தாள் உப்புக்காற்றில் ஓரம் சுருண்டு தொங்கியது. அதில் எஞ்சினைக் கழுவுவது பற்றிய பகுதியில் நான் திருத்தத் தவறிய ஒரு வரி: 'எஞ்சினை இயக்குவதற்கு முன் நல்ல தண்ணீர்க் குழாயைத் திறக்கவும்.' தண்ணீர் வராமல் எஞ்சின் ஓடினால் எஞ்சினைக் குளிர்விக்கும் பம்பின் ரப்பர் இம்பெல்லர் சீக்கிரமே கருகிவிடும். அந்த வரிக்கு மேலே யாரோ மார்க்கரால் எண் போட்டிருந்தார்கள். 'எஞ்சினை' என்பதன் தலையில் 2, 'நல்ல தண்ணீர்' என்பதன் தலையில் 1.

நண்பரே, என் தாளை அச்சடிக்க வேண்டாம். பாம்பனுக்குப் போய், மார்க்கர் போட்ட அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.