கையில் 230,000 ரூபாய், ஆனால் செலவழிக்கக்கூடியது எவ்வளவு?

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் கணக்கை இரண்டு விதமாகச் சொல்லலாம். வந்த காசு, போன காசு, மிச்சம் என்று வாசிப்பது பெறுவனவு கொடுப்பனவுக் கணக்கு. அந்த ஆண்டுக்குரிய வருமானத்தையும் செலவையும் மட்டும் பொருத்திக் காட்டுவது வருமானச் செலவினக் கணக்கு.

கொக்குவில் பக்கம் 40 வீடுள்ள ஓர் ஒழுங்கைச் சங்கம் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சந்தா 500 ரூபாய். ஆண்டுத் தொடக்கத்தில் வங்கியில் 110,000, கடனோ நிலுவையோ இல்லை. சந்தாவாக வந்தது 234,000. வெளிநாட்டிலிருக்கும் ஒருவர் பொதுக்கிணற்று மோட்டருக்கென்று 100,000 அனுப்பினார். மோட்டர் இன்னும் வாங்கவில்லை. கூலி, கரண்ட், மாரிக்கு முன் வாய்க்கால் துப்புரவு, சில்லறைத் திருத்தம் எல்லாம் சேர்த்துக் கொடுத்தது 214,000. மிச்சம் 230,000.

முதல் முறையில் பேச்சு இங்கேயே முடிந்துவிடும். வங்கிப் புத்தகத்தோடு யாரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம், பொருளாளர் கையாடவும் இடம் குறைவு. அந்த நேர்மையைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழும்புவார்: "இவ்வளவு காசு கிடக்கேக்கை ஏன் சந்தாவைக் கூட்டுறியள்?" அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது.

இரண்டாவது முறையில் பதில் இருக்கிறது. 40 வீட்டுக்கும் இந்த ஆண்டுச் சந்தா 240,000 வரவேண்டும். வந்த 234,000இல் 24,000 அடுத்த ஆண்டுக்கான முற்பணம். ஆக இந்த ஆண்டுக்கு வந்தது 210,000, ஐந்து வீடு இன்னும் தராத 30,000 வருமதி. இன்னும் கட்டாத டிசம்பர் கரண்ட் பில் 4,000 சென்மதி, எனவே செலவு 218,000. வரவேண்டிய 240,000இல் அதைக் கழித்தால் மிகை 22,000.

இந்த மிகையையும் அப்படியே நம்பக்கூடாது. ஐந்தில் இரண்டு வீடு பூட்டிக் கிடக்கிறது, சொந்தக்காரர் வெளிநாட்டில். அவர்களின் 12,000 வராது என்று எழுதினால் மிகை 10,000 ஆகிவிடும். வருமதியைத் தாராளமாகக் கணக்கெடுத்து மிகையை ஊதிக் காட்டுவதுதான் இந்த முறையில் அடிக்கடி நடக்கிற பிழை. வங்கிப் புத்தகத்தைப் பார்த்து அதைப் பிடிக்க முடியாது. வீடு வீடாக நிலுவைப் பட்டியல் கேட்க வேண்டும்.

பேச்சுக்கு நான் இரண்டையும் ஒட்டியே வைப்பேன். வங்கி மீதியில் தொடங்கி மூன்று கழித்தல்: மோட்டர்ப் பணம் 100,000, முற்பணம் 24,000, பில் 4,000. சங்கம் விரும்பியபடி செலவழிக்கக்கூடியது 102,000. மாதச் செலவு ஏறக்குறைய 18,000 என்பதால், சந்தாவே வராவிட்டாலும் ஐந்தரை மாதம் தாங்கும். போன வருடம் இதே இடத்தில் 110,000 இருந்தது. மிகை காட்டிய ஆண்டிலும் இந்தத் தொகை 8,000 இறங்கியிருக்கிறது, காரணம் அந்த ஐந்து வீடுகள். சந்தாவைக் கூட்டுவதா, அல்லது பூட்டிய வீட்டுக்காரரின் உறவினரிடம் நிலுவையைக் கேட்பதா என்ற விவாதத்தைச் சபை இந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.