பூ ஜடை புகைப்படத்தைக் காட்டி முன்பணம் வாங்குகிறவர்களிடம் கவனம்

மதுரையில் தை மாதம் என் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. முகூர்த்தத்துக்குப் பூ ஜடை, வரவேற்புக்குப் பூக்கொண்டை என்று பேசி ஒரு பியூட்டீசியனிடம் முன்பணம் கொடுத்தோம். இரண்டுமே நிற்கவில்லை, பணமும் திரும்பவில்லை. பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆனால் இதே வித்தையைச் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. நீளமும் அடர்த்தியுமான கூந்தல் உள்ள பெண் உங்கள் வீட்டில் இருந்தால் இதைப் படித்துவிடுங்கள்.

தங்கையின் முடி இடுப்பைத் தாண்டும். மொத்தமாகப் பிடித்துத் தலையை ஒட்டி ஒரு நூலைச் சுற்றினால் 5 அங்குலம் வரும். 4 அங்குலம் வந்தாலே அடர்த்தியான முடி என்பார்கள். வந்த அம்மணி இதை அளக்கவில்லை, பின்னலை அவிழ்க்கக்கூடச் சொல்லவில்லை. செல்போனில் ஒரு ஜடைப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, "இப்படியே வந்துவிடும் அக்கா, உங்கள் தங்கைக்கு முடி வேறு நிறைய இருக்கிறது, இன்னும் எடுப்பாக இருக்கும்" என்றார். ஒருமுறை ஒத்திகை பார்க்கலாமா என்றதற்கு, மேக்கப்புக்குத்தான் ஒத்திகை, ஜடைக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பின்னாலிருந்து எடுத்த படம். ஜடை பிடரியில் எவ்வளவு அகலமோ, கீழே குஞ்சலம் தொங்கும் இடத்திலும் அவ்வளவு அகலம். சொந்த முடியில் பின்னிய எந்தப் பின்னலும் அப்படி இருக்காது, கீழே போகப்போக ஒடுங்கும். ஓரங்கள் இரண்டும் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டதுபோல நேர். பூக்களுக்கு நடுவே ஒரு முடி இழைகூடத் தெரியவில்லை. அதாவது, படத்தில் இருப்பது பின்னல் அல்ல. நீள அட்டையில் பூக்களை வரிசையாகத் தைத்த ரெடிமேட் ஜடை. மெலிந்த பின்னலில் சவுரி சேர்த்து நீட்டி, அதன் முதுகில் இந்த அட்டையை வைத்து ரிப்பனால் கட்டியிருக்கிறார்கள். மெலிந்த பின்னல் அட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், அதனால் அந்தப் பெண்ணுக்கு அது பொருந்தியது. அடர்ந்த முடிக்கு அதே அட்டை ஏன் பொருந்தாது என்பது இதைத் தொழிலாகச் செய்கிறவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை.

கல்யாணத்தன்று விடியற்காலையில் அவர் வரவில்லை, உதவிக்கு இருக்கும் சின்னப் பெண்ணை அனுப்பியிருந்தார். அவள் பையிலிருந்து எடுத்த ஜடை அட்டை மூன்று விரல் அகலம். தங்கையின் பின்னல் அதைவிட அகலம், அதோடு நல்ல உருட்டு. உலக்கையின்மேல் பலகையை வைத்ததுபோல அட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. ரிப்பனை இறுக்கிக் கட்டினாள், வழுக்கியது. காலையில்தான் தலைக்குக் குளிக்க வேண்டும் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். ஷாம்பு போட்ட புது முடியில் கட்டு நிற்காது, அடர்ந்த முடி உள்ளே காயவும் காயாது. முதல் நாளே குளித்து, உள்வரை உலர்த்தி வைக்க வேண்டிய முடி அது. அவள் ஊசிகளாகக் குத்திப் பார்த்தாள். கடைசியில் கத்தரிக்கோலை எடுத்து, "உள்பக்கம் கொஞ்சம் குறைத்துவிட்டால் உட்கார்ந்துவிடும், வெளியே தெரியாது" என்றாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நல்ல வேளை.

பாதபூஜைக்குக் குனிந்தபோது அட்டை இடப்பக்கம் சுழன்று தோளுக்கு வந்துவிட்டது. ராக்கொடி ஒற்றை ஊசியில் தொங்கியது. சித்திதான் மணமகள் அறைக்கு அழைத்துப்போய் அட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, இருந்த சரத்தைப் பின்னலில் சுற்றித் தாலி கட்டும் நேரத்துக்குள் மணையில் உட்காரவைத்தார்.

கழற்றிய அட்டையைப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. மல்லிகை மொட்டு என்று பேசி, அதற்கான விலையும் வாங்கிய ஜடையில் வாசனையே இல்லை. அத்தனையும் நந்தியாவட்டை மொட்டு. குளிர் காலத்தில் மல்லிகை விளைச்சல் குறையும், தையில் முகூர்த்தங்களும் சேர்ந்தால் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் அதைத் தொட முடியாது. நந்தியாவட்டை மட்டமான பூ என்று சொல்ல மாட்டேன். மல்லிகை மொட்டு பொழுது சாயும்போது விரிந்து ஜடையின் வரிசையைக் கலைத்துவிடும். நந்தியாவட்டை அவ்வளவு சீக்கிரம் விரியாது, அதனால் ஜடைக்கு அது தோதான பூதான். ஆனால் அதைச் சொல்லி, அதன் விலையை வாங்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஒரு மொட்டின் காம்பைக் கிள்ளிப் பாருங்கள். பால் கசிந்தால் நந்தியாவட்டை.

அடர்ந்த முடிக்கு அட்டையே தேவையில்லை என்பது சித்தியின் கட்சி. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. பின்னலை இறுக்கிப் போட்டால் அதுவே அட்டை. அந்தக் காலத்தில் செய்ததுபோலப் பெரிய ஊசியும் நூலும் வைத்துப் பூவைப் பின்னலோடு சேர்த்துத் தைத்துவிட்டால், பெண் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் பூ முடியோடு போய் முடியோடு வரும். ஓரத்தில் முடி தெரியும், கீழே ஒடுங்கும். தெரியட்டும், இருக்கிற கூந்தலை ஏன் மறைக்க வேண்டும்? தைக்க நேரம் பிடிக்கும், அதனால்தான் பலர் செய்வதில்லை. அட்டைதான் வேண்டும் என்றால், பெண்ணுக்கு முதலில் பின்னிவிட்டு, பின்னலின் அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று அளந்து பூக்கட்டுகிறவரிடம் கொடுங்கள். உங்கள் முன்னால் ஒருமுறை பின்னாமல் ஜடைக்கு விலை சொல்கிறவர் தன்னிடம் இருக்கும் அட்டையைத்தான் கொண்டுவருவார்.

மாலைக் கொண்டைக் கதை சின்னது. படத்தில் இருந்த கொண்டைக்குள் பஞ்சு வளையம் இருந்தது. முடி குறைவாக உள்ளவர்களுக்குக் கொண்டையைப் பருமனாகக் காட்ட வைப்பது அது. இங்கேயும் அதே வளையத்தை வைத்து, அதன்மேல் இவ்வளவு முடியையும் சுற்றினார்கள். வலை கொள்ளாமல் பிதுங்கியது, பக்கவாட்டில் பார்த்தால் இன்னொரு தலை. பாரம் பிடரியை இழுக்க, தங்கை மேடையில் மோவாயைத் தூக்கிக்கொண்டே நின்றாள். பாதியில் கழற்றிவிட்டோம். வளையத்தை எடுத்துவிட்டுப் பின்னலையே தட்டையாகச் சுருட்டித் தலையோடு ஒட்டிவைத்தால் போதுமாக இருந்திருக்கும். கொண்டைக்கு யார் படம் காட்டினாலும் பக்கவாட்டில் எடுத்த படத்தைக் கேளுங்கள். எத்தனை தடித்த கொண்டை என்பது அதில்தான் தெரியும். எங்களுக்கு அப்படி ஒரு படம் கடைசிவரை வரவில்லை.

பில்லில் சவுரிக்குத் தனியாகப் பணம் போட்டிருந்தார்கள். அது பையைவிட்டு வெளியே வரவே இல்லை. கேட்டால், 'பேக்கேஜில் பிரித்துக் கழிக்க முடியாது' என்று பதில். மீதித் தொகையை நாங்கள் கொடுக்கவில்லை, முன்பணத்தை அவர்கள் கொடுக்கவில்லை, பேச்சு அங்கேயே நிற்கிறது.

இதற்கு நடுவே, அட்டையைக் கட்டி முடித்ததும் தங்கையை அசையாமல் நிற்கவைத்து அந்தச் சின்னப் பெண் பின்னாலிருந்து ஒரு படம் எடுத்திருந்தாள். அது இப்போது அவர்களுடைய ஆல்பத்தில் இருக்கிறது. நீக்கச் சொல்லிவிட்டோம், இன்னும் நீக்கவில்லை. அரக்குப் பட்டு, வெள்ளை மொட்டுக்கு நடுவே கனகாம்பரத்தில் சாய்சதுரக் கட்டம். மதுரையில் யாராவது உங்களிடம் அந்தப் படத்தைக் காட்டினால் இடுப்புக்குச் சற்று மேலே, வலது ஓரத்தில் பாருங்கள். அட்டையின் கீழிருந்து பின்னல் ஒரு விரலளவு பிதுங்கிக்கொண்டு நிற்கும்.