கட்டிய மோதிரத்தில் கல்லின் கேரட்: அளவுகோலை வைக்கும் இடத்தில் நடக்கும் ஏமாற்று

தேவிபட்டினம் நவபாஷாணத்துக்கு வந்த ஒரு குடும்பம், அங்கிருந்து ராமநாதபுரம் திரும்பும் வழியில் வெள்ளி மோதிரத்தில் கட்டிய வட்ட நீலக்கல் வாங்கியிருக்கிறது. பில்லில் 2.58 கேரட், கேரட் 6,000 ரூபாய். கல் ஏற்கெனவே கட்டப்பட்டிருந்ததால் தராசில் வைக்கவில்லை. கடைக்காரர் காலிபரால் அளந்து, கால்குலேட்டரில் தட்டிக் காட்டினார். பிறகு கீழக்கரையில் ஒரு பட்டறையில் கல்லைக் கழற்றி நிறுத்தியபோது 1.81 கேரட்தான் இருந்தது. கொடுத்த பணத்தில் 4,620 ரூபாய் இல்லாத எடைக்குப் போயிருக்கிறது.

கடைக்காரர் போட்ட கணக்கு சரியானது. மேலிருந்து பார்த்தால் வட்டமாக இருக்கும் பட்டை தீட்டிய கல்லுக்கு எல்லோரும் போடுவது இதுதான்:

விட்டம் × விட்டம் × ஆழம் × ஒப்படர்த்தி × 0.0018

அளவுகள் மில்லிமீட்டரில். ஒப்படர்த்தி என்றால் தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு கனம் என்பது; நீலத்துக்கும் கனக புஷ்பராகத்துக்கும் அது 4.00. கடைசியில் வரும் 0.0018 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் ஏமாறுவது குறையும். ஒப்படர்த்தி 1 உள்ள பொருளின் ஒரு கன மில்லிமீட்டர் ஒரு மில்லிகிராம், அதாவது 0.005 கேரட். கல் அப்படியே அடங்கும் சதுரப் பெட்டி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அடிப்பக்கம் கூம்பாக இறங்கும் கல், அந்தப் பெட்டியில் ஏறக்குறைய 36 சதவீதத்தைத்தான் நிரப்பும். 0.005-இல் 36 சதவீதம் 0.0018. முட்டை வடிவக் கல்லுக்கு நீள அகலங்களின் சராசரியை விட்டமாக வைத்து 0.0020 போடுவார்கள். வட்டக் கல்லுக்கு யாராவது 0.0020 போட்டால், அதிலேயே பதினொரு சதவீதம் கூடிவிடும்.

இந்த மோதிரத்தில் தப்பு அளவில் இருந்தது. கல்லைச் சுற்றி வெள்ளி விளிம்பு மடித்துக் கட்டியிருந்தது. அந்த விளிம்பின் வெளிப்பக்கத்தை அளந்து 8.0 என்றார். ஆழத்துக்கு, கல்லின் மேல்முகத்திலிருந்து மோதிரத்தின் உள்பக்கம் வரை, விரல் படும் இடம் வரைக்கும் 5.6 எடுத்தார். 8.0 × 8.0 × 5.6 × 4.00 × 0.0018 = 2.58. வெள்ளியும் காற்றும் நீலக்கல் விலைக்கு விற்றுப்போயின. விட்டம் இரண்டு முறை பெருக்கப்படுவதால் விளிம்புத் தகடு கணக்கில் இரட்டிப்பாக ஏறுகிறது. ஆழத்தில் கூட்டியதும் ஏறக்குறைய அதே அளவு அடி.

அதே மோதிரத்தை ஒழுங்காக அளப்பது இப்படி. வெளியே தெரியும் கல்லின் குறுக்களவு 6.9. மடிந்த விளிம்புக்குள் பக்கத்துக்கு 0.2 ஒளிந்திருக்கலாம் என்று கூட்டினால் 7.3. ஆழத்துக்கு 5.6-ஐ அப்படியே எடுக்கக்கூடாது. ராசிக்கல் விரலில் படவேண்டும் என்பதற்காக அடியில் துளை விட்டிருப்பார்கள். காலிபரின் வால்கம்பியை அந்தத் துளைக்குள் மெதுவாக விட்டால், கல்லின் கூர்முனை எவ்வளவு உள்ளே நிற்கிறது என்று தெரியும். இதில் 1.0 உள்ளே இருந்தது. கழித்தால் ஆழம் 4.6. (விரலில் படும் என்று சொல்லி விற்ற கல், படவே இல்லை என்பதும் இதிலேயே தெரிந்துபோகிறது.) 7.3 × 7.3 × 4.6 × 4.00 × 0.0018 = 1.76. தராசு காட்டியது 1.81.

ஒளிந்த பகுதி நம் ஊகம்தான் என்பதால் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டை போடக்கூடாது. விட்டம் 7.0 என்றால் 1.62, 7.5 என்றால் 1.86. நேர்மையான எடை இதற்குள்ளோ இதன் பக்கத்திலோ இருக்கும். இலங்கைப் பட்டைக் கற்களில் அடிவயிறு உப்பியோ, இடுப்பு விளிம்பு தடித்தோ இருந்தால் கணக்கைவிட பத்து சதவீதம் வரை கூடலாம். 2.58 இந்த எல்லை எதிலும் அடங்காது.

அடி மூடிய மோதிரத்தில் ஆழம் அளக்க வழியே இல்லை. அதைக் கேரட் கணக்கில் வாங்காதீர்கள். கட்டுவதற்கு முன் உங்கள் கண்ணெதிரே 0.01 கேரட் காட்டும் தராசில் நிறுத்தி, அந்த எடையைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் பில்லை வைத்துக்கொண்டு, கல்லைக் கழற்றி நிறுத்தும்போது அந்த எடையை எழுத்தில் வாங்குங்கள். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் அது வேண்டும்.

கழற்றிய கல்லை அளந்து, இதே கணக்கைத் திரும்பவும் போட்டுப் பாருங்கள். 7.3-க்கு 4.6 உள்ள கல் 2.5 கேரட் நின்றால் சந்தோஷப்படாதீர்கள்: அந்த எடைக்கு ஒப்படர்த்தி 5.7 பக்கம் போகவேண்டும், அது நீலமல்ல, பெரும்பாலும் நிறமேற்றிய சிர்கோனியா. எடை ஒத்துப்போனாலும் கல் இயற்கையானது என்று ஆகிவிடாது. ஆய்வகத்தில் வளர்த்த நீலத்துக்கும் ஒப்படர்த்தி அதே 4.00தான், அதைப் பிரித்துச் சொல்ல ரத்தினப் பரிசோதனைக் கூடத்துக்குத்தான் போகவேண்டும்.