கூம்பில் ஏறும் நீர்மட்டம்: r-ஐ முதலில் நீக்குவதா, பிறகா?

குன்னூரில் கூரை மழைநீர் விழும் கூம்புத் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முனை கீழே, உயரம் 2 மீ, மேல்வாய் ஆரம் 1 மீ. நிமிடத்துக்கு 0.02 கன மீட்டர் நீர் விழுகிறது. ஆழம் 1 மீ ஆகும்போது மட்டம் என்ன வேகத்தில் ஏறும்?

நீர்ப்பரப்பின் ஆரம் r, நீரின் ஆழம் h, நீரின் கன அளவு V என்போம். r-ஐ முதலில் நீக்கினால், வடிவொத்த முக்கோணங்களிலிருந்து r = h/2. ஆகவே V = πr²h/3 என்பது πh³/12 ஆகிறது. வகையிட்டால் dV/dt = (πh²/4)·dh/dt. பிறகுதான் h = 1 என்று இட வேண்டும்: நிமிடத்துக்குச் சுமார் 2.5 செ.மீ.

r-ஐ வைத்துக்கொண்டு பெருக்கல் விதியில் போனால் dr/dt புதிதாக நுழையும். அதை நீக்க அதே முக்கோணம்தான் வேண்டும், விடையும் அதேதான். ஆனால் இந்த வழியில் பலர் r = 0.5 என்று மாறிலியாக இட்டுவிடுகிறார்கள். அப்போது 7.6 செ.மீ. வரும், சரியாக மூன்று மடங்கு. கண்டுபிடிப்பது எளிது: நீர்ப்பரப்பு πr²-ஐ dh/dt-ஆல் பெருக்கினால் 0.02 வர வேண்டும், இங்கே 0.06 வரும். நான் முதல் வழியையே சொல்லிக்கொடுப்பேன்.