குறளின் நிலவும் புரட்சிக்கவியின் நிலவும்

திருக்குறளின் 'நலம் புனைந்துரைத்தல்' அதிகாரத்தில் நிலவுக்கு மரியாதையே இல்லை. தேய்ந்து வளரும் நிலவுக்கு இருக்கும் களங்கம் இவள் முகத்தில் உண்டா என்று காதலன் கேட்கிறான். அடுத்த குறளில் பேச்சு நிலவிடமே திரும்புகிறது: இவள் முகம்போல் ஒளிவிட முடிந்தால் நீயும் என் காதலுக்கு உரியவள். அதற்கடுத்த குறளில், இவள் முகத்தை ஒத்திருக்க ஆசையென்றால் பலர் காணத் தோன்றாதே என்கிறான். உரைகல் காதலியின் முகம். தேர்வு எழுதுவது நிலவு.

பாரதிதாசனின் 'புரட்சிக்கவி'யில் (1937) முகமே கண்ணில் படுவதில்லை. கவிதை கற்பிக்கும் கவிஞன் உதாரனுக்கும் அதைக் கற்கும் இளவரசி அமுதவல்லிக்கும் நடுவே திரை. அவன் குருடன் என்று அவளிடமும், அவள் தொழுநோயாளி என்று அவனிடமும் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒப்பிட முகம் இல்லாததால் நிலவே பெண்ணாகிவிடுகிறது: 'நீலவான் ஆடைக்குள் உடல்மறைத்து நிலாவென்று காட்டுகின்றாய் ஒளிமுகத்தை.' குருடன் எப்படி நிலவைக் கண்டான் என்று அவள் திடுக்கிட, பொய் உடைகிறது. குறளில் புகழ்ச்சிக்குக் கருவியாக இருந்த உவமை இங்கே கதையையே நகர்த்துகிறது.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது அதே பாட்டின் இன்னோர் இடம். உழைத்தும் பயனின்றிப் பசித்த மக்கள் சிறிது கூழ் தேடும்போது, பானை நிறைய வெண்சோற்றைக் காணும் இன்பம்தானோ உன்னைக் காணும் இன்பம் என்று நிலவைக் கேட்கிறான் உதாரன். காதல் பாட்டின் நடுவே பசி புகுந்துவிடுகிறது. குறளின் காதலனுக்கு அவளைத் தவிர வேறு யார் நினைவும் வரவில்லை. அகத்திணை மரபு அவனிடம் அதைக் கேட்கவும் இல்லை.